மூன்று பேர், ஆளுக்கு இருபது கிராம்: ஒரே வாரத்தில் விற்ற தங்கத்தின் கணக்கு

திருச்சி பெரிய கடை வீதியில் நாலைந்து நகைக்கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. தங்கம் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில், வாங்கும் பில்லைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நம் வீட்டு ஆட்கள் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று விற்கும்போது என்ன ஆகிறது என்பதைச் சென்ற வருடம்தான் கிட்டத்தில் பார்த்தேன்.

மனை ஒன்றுக்கு முன்பணம் கொடுக்க வேண்டியிருந்தது. அக்கா, தம்பி, சின்ன மாமா மூன்று பேரும் கை கொடுத்தார்கள். மூவரிடமும் இருபது இருபது கிராம் 24 கேரட் தங்கம் இருந்தது, ஆனால் மூன்று வடிவத்தில். தம்பி போன் செயலியில் மாதாமாதம் வாங்கிச் சேர்த்தது. அக்கா நகைக்கடையில் இரண்டு கிராம் நாணயமாகப் பத்து வாங்கி வைத்திருந்தது. மாமாவிடம் இருபது கிராம் கட்டி ஒன்று. மூன்றும் ஒரே வாரத்தில் விற்பனைக்குப் போயின. பில்களையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூவரும் வாங்கிய தேதிகள் வேறு, விலைகள் வேறு. அப்படியே எழுதினால் விலை ஏற்றம் எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால் ஒவ்வொரு பில்லிலும் அன்றைய சந்தை விலைக்கு மேல் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள், விற்கும்போது எத்தனை சதவீதம் கழித்தார்கள் என்பதை மட்டும் எடுத்து, எல்லாவற்றையும் கிராம் 10,000 ரூபாய் என்ற ஒரே விலைக்கு மாற்றியிருக்கிறேன். தங்கம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று வைத்துக்கொண்டு, வாங்கி விற்றதற்கு மட்டும் ஆன செலவு என்ன? அதுதான் கேள்வி. நிஜத்தில் மூவருக்குமே லாபம்தான் வந்தது. லாபம் வந்ததால்தான் இந்த ஓட்டையை இத்தனை நாள் யாரும் பார்க்கவில்லை.

முதலில் தம்பி. மாதம் 2,000 ரூபாய் போடுவான். சந்தையில் 10,000 ஆக இருக்கும்போது செயலியில் வாங்கும் விலை 10,200 காட்டும். அதற்கு மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி, 306 ரூபாய். ஆக கிராம் 10,506. அதே நிமிடம் ‘விற்க’ என்ற பொத்தானைத் தொட்டால் 9,850 காட்டும். இந்த இரண்டாவது எண்ணை அவன் விற்கப் போன அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தான். வாங்கும் திரையில் அது வருவதில்லை, தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு மாதத் தவணையை மட்டும் எடுத்துப் பார்ப்போம். 2,000 ரூபாயில் 58 ரூபாய் 25 காசு வரியாகப் போகிறது. மீதி 1,941 ரூபாய் 75 காசுக்கு 0.1903 கிராம் தங்கம் கணக்கில் ஏறுகிறது. அதை உடனே விற்றால் 1,874 ரூபாய் சொச்சம். இங்கே செய்கூலி என்ற வரியே கிடையாது; ‘செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை’ என்று விளம்பரத்தில் சொல்வது பொய்யில்லை. ஆனால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கும் 350 ரூபாய்தான் அங்கே செய்கூலி. இருபது கிராமுக்கு அவன் கொடுத்தது 2,10,120. கைக்கு வந்தது 1,97,000. குறைவு 13,120 ரூபாய், போட்ட பணத்தில் 6.2 சதவீதம். பணம் மறுநாளே வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது, யாரும் எடை போடவில்லை, உரசவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. அந்தச் சௌகரியத்துக்கும் ஒரு விலை உண்டு என்றால் அது நியாயம்தான்.

விற்பதற்கு முன் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. “பாதியை விற்காம, பத்து கிராம் காயினா வரவழைச்சு வச்சுக்கலாமாண்ணே?” என்று கேட்டான். செயலியில் அந்த வசதி இருந்தது. பத்து கிராம் நாணயத்துக்கு அச்சுக்கூலியும் கூரியர் செலவும் சேர்த்து 900 ரூபாய் கேட்டது. சின்ன நாணயமாகக் கேட்டால் கிராம் கணக்கில் இன்னும் கூடும். ஏற்கெனவே வாங்கும்போதே சந்தைக்கு மேல் கொடுத்தாயிற்று, இப்போது நாணயத்தின் கூலியும் தனியாக. வந்து சேரும் நாணயம் உள்ளூர்க் கடை எதற்கும் சொந்தமில்லாத அட்டையில் இருக்கும். அதை விற்கப் போனால் என்ன ஆகும் என்பது அக்கா கதையில் வருகிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

டிஜிட்டல் தங்கத்தில் சேமிப்புச் செலவு இல்லை என்று தம்பி நம்பிக்கொண்டிருந்தான். விதிமுறைகளைத் திறந்து பார்த்தால், குறிப்பிட்ட வருடங்கள் வரைதான் பெட்டக வாடகை இலவசம். அதற்குப் பிறகு கட்டணம், இல்லையென்றால் நாணயமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த வரி மாறும். இன்னொன்று, நாம் தொடும் செயலி ஒரு கடைவாசல் மட்டும்தான். தங்கத்தை வைத்திருப்பது பின்னால் இருக்கும் வேறு நிறுவனம். இந்தியாவில் பெரும்பாலான செயலிகளுக்குப் பின்னால் இருப்பவை எம்எம்டிசி-பாம்ப், சேஃப்கோல்ட், ஆக்மான்ட் என்ற மூன்றில் ஒன்றுதான். தன் தங்கம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டதற்குத் தம்பி செயலியின் பெயரைச் சொன்னான். இன்வாய்ஸைத் திறந்து காட்டிய பிறகுதான் வேறு பெயர் தெரிந்தது. 2021 இல் பங்குத் தரகர்கள் டிஜிட்டல் தங்கம் விற்பதைத் தேசியப் பங்குச் சந்தை நிறுத்தச் சொன்னது. 2025 நவம்பரில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபி, இது தன் கட்டுப்பாட்டுக்குள் வரும் பொருள் இல்லை என்று வெளிப்படையாகவே எச்சரித்தது. அதாவது நாளை ஏதாவது தகராறு என்றால் செபியிடம் போய் நிற்க முடியாது. இது சதவீதத்தில் வராத செலவு. எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை.

அக்கா கதைதான் இந்த வாரத்திலேயே அதிகம் வலித்தது.

நாணயத்துக்குச் சேதாரம் போட மாட்டார்கள், செய்கூலி மட்டும்தான் என்று கடையில் சொல்வார்கள். அக்காவின் பில்களில் செய்கூலி 5 சதவீதம். கிராம் 10,500, அதன் மேல் ஜிஎஸ்டி 315, ஆக 10,815. இருபது கிராமுக்கு 2,16,300. இரண்டு கிராம் நாணயமாக வாங்கியதால்தான் 5 சதவீதம். அச்சடிக்கிற வேலை, அட்டை, சீல் எல்லாம் ஒரு கிராமுக்கும் ஒன்றுதான், பத்து கிராமுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் நாணயம் சிறுக்கச் சிறுக்கக் கூலி சதவீதம் ஏறும். நான் கணக்கு எழுதும் கடை ஒன்றில் பத்து கிராம் நாணயத்துக்குப் பாதிக்கும் குறைவாகத்தான் போடுகிறார்கள். அக்காவுக்கு அது தெரியாமல் இல்லை. “ஒரே தடவையில பத்து கிராம் வாங்கக் கையில பணம் எங்கடா இருந்துச்சு?” என்றது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

விற்க முதலில் போனது வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த வேறு கடைக்கு. கவுன்டரில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். “சோதிச்சுப் பாக்கணும்னா அட்டையைக் கட் பண்ணணும்மா” என்றான். அக்காவும் சரி என்றது. ஒரு அட்டையை வெட்டி, நாணயத்தை மெஷினுக்குள் வைத்தார்கள். அரை நிமிடத்தில் திரையில் 99.9 என்று டச் வந்தது. அக்காவுக்குச் சந்தோஷம். அப்புறம் அவன் கால்குலேட்டரில் 9,160 என்று அடித்துக் காட்டினான். அது போர்டில் இருக்கும் 22 கேரட் விலை. “வேற கடை காயினை நாங்க 22 கேரட் ரேட்டுக்குத்தான்மா எடுப்போம்.” சுத்தத் தங்கம் என்று அவர்கள் மெஷினே சொன்ன பிறகும் அதே பதில். பத்து நாணயத்தையும் அங்கே கொடுத்திருந்தால் 1,83,200 தான் வந்திருக்கும். கொடுத்ததில் 33,100 ரூபாய் போயிருக்கும், 15 சதவீதத்துக்கு மேல்.

இது மோசடியா? கடைக்காரர் தரப்பில் கேட்டால், இன்னொருவர் அச்சடித்த நாணயத்தை அவர்கள் அப்படியே திருப்பி விற்க முடியாது, உருக்கித்தான் ஆக வேண்டும். உருக்கும் கூலி, கழிவு, அதுவரை விலை இறங்கினால் வரும் நஷ்டம் என்று கணக்குச் சொல்வார்கள். அதெல்லாம் ஒன்றிரண்டு சதவீதத்தில் அடங்கிவிடும். எட்டு சதவீதத்துக்கு மேல் கழிப்பதற்கு ஒரே காரணம், விற்க வந்தவருக்கு அவசரம் என்று அவர்களுக்குத் தெரியும். கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவன் சொல்கிறேன்.

அக்கா எழுந்து வந்து, வாங்கிய கடைக்கே போனது. பில் இருந்தது, ஒன்பது அட்டையில் சீல் உடையவில்லை. அவற்றுக்கு 2 சதவீதம் மட்டும் கழித்து கிராம் 9,800 கொடுத்தார்கள். வெட்டிய அட்டையில் இருந்த பத்தாவது நாணயத்தை ‘லூஸ் தங்கம்’ என்று தனியாக வைத்து 4 சதவீதம் கழித்தார்கள். அதே நாணயம், அதே சுத்தம், ஒரு பிளாஸ்டிக் உறைக்கு 400 ரூபாய். மொத்தம் 1,95,600 வந்தது. குறைவு 20,700, அதாவது 9.6 சதவீதம்.

அந்தக் கடை இன்னொரு வழியும் சொன்னது. நகையாக மாற்றிக்கொண்டால் கழிவே இல்லை, முழு விலை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் புது நகைக்குச் செய்கூலி, சேதாரம் தனி. ஜிஎஸ்டியும் கழித்த மீதிக்கு மட்டும் இல்லை, புது நகையின் முழு மதிப்புக்கும் போடுவார்கள். பெண்ணுக்கு நகை செய்யத்தான் நாணயம் சேர்க்கிறோம் என்பவர்களுக்கு அது சரி, எப்படியும் கொடுக்கப் போகிற கூலி அது. பணம் வேண்டும் என்று போனவருக்கு அந்தச் சலுகை எதற்கும் உதவாது. இதே காரணத்துக்காகத்தான் வங்கியில் நாணயம் வாங்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. வங்கி விற்கும், திரும்ப வாங்காது. ஆக முதல் நாளிலிருந்தே அது ‘வேறு கடை காயின்’ தான்.

மாமா மூவரில் விவரமானவர் என்று பெயர். பெரிய கடை வீதியை ஒட்டிய சந்து ஒன்றில், நகைக்கடைகளுக்கே தங்கம் கொடுக்கும் வியாபாரியிடம் கட்டியாக வாங்கினார். சந்தைக்கு மேல் 1 சதவீதம்தான், 10,100. ஜிஎஸ்டி 303 சேர்த்து 10,403. இருபது கிராமுக்கு 2,08,060. மூவரில் குறைவாகக் கொடுத்து வாங்கியவர் இவர்தான்.

அவருக்கு விற்க மனமில்லை. கையில் கொஞ்சம் பணமும் இருந்ததால், கட்டியின் மதிப்பில் பாதிக்குச் சற்று மேல் கிடைத்தாலே போதும். அடகு வைத்துவிட்டு ஆறு மாதத்தில் மீட்டுக்கொள்ளலாம் என்று வங்கிக்குப் போனார். நகை மதிப்பீட்டாளர் கட்டியைக் கையில்கூட வாங்கவில்லை. நகைக்கும் நாணயத்துக்கும்தான் கடன் கொடுக்கலாம், நாணயம் என்றாலும் 50 கிராம் வரைதான், கட்டிக்கு ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை என்றார்கள். மாமா நம்பவில்லை, வெளியே வந்து எனக்குப் போன் செய்தார். அவர்கள் சொன்னது சரிதான். கழுத்தில் போடும் சங்கிலியை வைத்தால் அரை மணி நேரத்தில் கிடைக்கும் பணம், அதைவிடச் சுத்தமான கட்டிக்குக் கிடைக்காது. கட்டியைப் பாதியாக வெட்டி விற்பதும் நடக்காத காரியம். வெட்டினால் முத்திரையும் எண்ணும் போய்விடும், எந்தப் பாதிக்கும் சான்றிதழ் பேசாது. முழுசாக விற்க வேண்டியதாயிற்று.

விற்பது சுலபமாகத்தான் இருந்தது. வாங்கிய அதே வியாபாரி. உறை பிரியாமல் இருந்தது, கட்டியில் இருந்த எண்ணும் சான்றிதழில் இருந்த எண்ணும் ஒத்துப்போயின, பில்லும் இருந்தது. முக்கால் சதவீதம் கழித்து கிராம் 9,925. மொத்தம் 1,98,500, ரொக்கமாக இல்லாமல் வங்கிக் கணக்கில். கடைக்காரர்கள் ஒரு நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாகக் காட்ட முடியாது, அதனால் இப்போது எல்லாரும் இப்படித்தான். மாமாவின் குறைவு 9,560 ரூபாய், 4.6 சதவீதம். மூவரில் குறைவு.

சனிக்கிழமை சாயங்காலம் இந்த மூன்று எண்களையும் சொன்னதும் மாமா முகத்தில் ஒரு சிரிப்பு. “நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார்.

அப்போதுதான் லாக்கர் ஞாபகம் வந்தது. அக்காவுக்கு நகை இருப்பதால் கல்யாணம் ஆன நாளிலிருந்தே லாக்கர் இருக்கிறது. பத்து அட்டைகளுக்காக அக்கா எதுவும் கூடுதலாகக் கொடுக்கவில்லை. மாமா அப்படியில்லை. இந்தக் கட்டிக்காகவே லாக்கர் எடுத்தார். வருட வாடகை 2,000, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 2,360. மூன்று வருடம் வைத்திருந்தார், 7,080 ரூபாய். அதையும் சேர்த்தால் மாமாவின் செலவு 16,640. வாங்கிய விலையில் 8 சதவீதம். தம்பியின் 13,120 ஐத் தாண்டிவிட்டது. ஒன்றரை வருடம் ஆனபோதே தாண்டியிருக்கிறது.

“லாக்கர்ல வச்சா பத்திரம்ல, அதுக்குக் காசு குடுக்கறது தப்பா?” என்று கேட்டார். தப்பில்லை. ஆனால் பத்திரம் என்பதிலும் ஒரு எல்லை இருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி தீ, திருட்டு, கொள்ளை, ஊழியர் மோசடி இவற்றால் லாக்கரில் இருப்பது போனால் வங்கியின் பொறுப்பு வருட வாடகையைப் போல நூறு மடங்கு வரைதான். மாமா வாடகைக்கு அது 2,00,000. அவர் கட்டிக்கு அது ஏறக்குறைய சரியாக இருந்தது தற்செயல். தங்கம் ஏறிக்கொண்டே போனாலும் அந்த 2,00,000 ஏறாது.

லாக்கர் செலவில் கவனிக்க வேண்டியது, அது தங்கத்தின் அளவோடு வளர்வதில்லை. இருபது கிராமுக்கு வருடம் 1.18 சதவீதம் தின்னும் அதே 2,360 ரூபாய், நூறு கிராம் கட்டிக்கு கால் சதவீதம்கூட இல்லை. கட்டி பெரிதானால் சந்தைக்கு மேல் கொடுப்பதும், விற்கும்போது கழிப்பதும் குறையும். 0.6 சதவீதம் கூடக் கொடுத்து நூறு கிராம் வாங்கி, அரை சதவீதம் கழித்து விற்று, மூன்று வருட லாக்கரையும் சேர்த்தால் மொத்தச் செலவு 4.7 சதவீதத்துக்குள் நிற்கிறது. ஆக, கட்டி மலிவு என்பது நூறு கிராம் வாங்குகிறவருக்கும், ஏற்கெனவே லாக்கர் வைத்திருப்பவருக்கும் பொருந்துகிற பேச்சு. மாமா இரண்டும் இல்லை.

மூவருக்கும் பொதுவான ஒரு இழப்பை வேண்டுமென்றே தனியாக வைத்திருக்கிறேன். ஜிஎஸ்டி. தம்பி 6,120, அக்கா 6,300, மாமா 6,060. வாங்கும்போது கொடுத்தது, விற்கும்போது எந்த வடிவத்திலும் திரும்ப வரவில்லை, வரவும் வராது. லாக்கர் வாடகையை விட்டுவிட்டால் மூவரும் சேர்ந்து இழந்தது 43,380 ரூபாய், அதில் 18,480 இந்த வரி மட்டும். இதைத் தவிர்க்க ‘பில் இல்லாமல் வாங்கிக்கோங்க’ என்று சொல்லும் கடைகள் இருக்கின்றன. அக்கா அப்படி வாங்கியிருந்தால், அந்த இரண்டாவது கடையில் 2 சதவீதக் கழிவு பேசியிருக்கவே முடியாது. பத்து நாணயமும் லூஸ் தங்கம் ஆகியிருக்கும்.

தம்பி கேட்டது வேறு கேள்வி. “சரிண்ணே, கையைக் கடிக்காம இருக்க விலை எவ்ளோ ஏறணும்?” வாங்கிய விலையை விற்கும் விலையால் வகுத்தால் விடை கிடைக்கும். அவனுக்கு 6.7 சதவீதம். அக்காவுக்கு, சீல் உடையாமல் அதே கடையில் விற்றால் 10.4. மாமாவுக்கு லாக்கரை விட்டுவிட்டால் 4.8. தங்கம் வேகமாக ஏறிய வருடங்களில் இந்த மூன்றுமே சில மாதங்களில் அடைபட்டுவிடும். விலை படுத்துக்கிடக்கும் காலத்தில் அக்காவின் 10.4 சதவீதத்துக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

வரி விஷயத்திலும் தம்பிக்குத் தனிக் கணக்கு வந்தது. தங்கத்தை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் அவரவர் வருமான வரி விகிதப்படி. மாமாவுக்கு ஒரே தேதி, ஒரே வரி. தம்பி மாதாமாதம் வாங்கியதால் ஒவ்வொரு தவணைக்கும் ஒவ்வொரு தேதி. கடைசி இரண்டு வருடத் தவணைகள் எல்லாம் குறுகிய காலக் கணக்கில் விழுந்தன. செயலியில் இன்வாய்ஸ்களை மொத்தமாக இறக்கும் வசதி இல்லை. ஒவ்வொன்றாக இறக்கி எக்செல்லில் ஏற்றியது நான்தான். அதற்குக் கூலி அவன் இன்னும் தரவில்லை.

இப்போது தம்பி செயலியில் 2,000 போடுவதைத் தொடர்கிறான். ஆனால் பத்து கிராம் ஆனதும் அதை விற்று, பெரிய கடை வீதியில் பத்து கிராமாக வாங்கி அக்கா லாக்கரில் வைக்கலாமா என்று கேட்டான். செயலியில் வாங்கி விற்பதில் 6 சதவீதம் விட்டுவிட்டு, கடையில் வாங்கும்போது மறுபடி 3 சதவீதம் வரியும் மேலே கூலியும் கொடுக்க வேண்டும். அதைவிட அந்த 2,000 ஐ வங்கியில் ஆர்டியில் போட்டு, பத்து கிராமுக்குப் பணம் சேர்ந்ததும் ஒரே தடவை வாங்கு என்றேன். அதுவரை தங்கம் ஏறிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டான். ஏறும் என்று உறுதியாகத் தெரிந்தால் செயலியிலேயே வாங்கு, 6.7 சதவீதத்துக்கு மேல் ஏறினால் நீ ஜெயித்தாய் என்று சொன்னேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். மாமா அந்த லாக்கரைத் திரும்பக் கொடுத்துவிட்டார்.